மாதக் கணக்கு மெயில் போனில் ஏன் கலைந்து போகிறது?

கேள்வி: "எங்கள் அடுக்குமாடி சங்கத்துக்கு நான் பொருளாளர். மாதாமாதம் வரவு செலவை மெயிலில் டைப் செய்து எல்லோருக்கும் அனுப்புகிறேன். என் லேப்டாப்பில் தொகைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நேராக இருக்கின்றன. போனில் பார்ப்பவர்கள் கலைந்து கிடக்கிறது என்கிறார்கள். ஒருவருக்கு வரி பாதியில் உடைகிறதாம். இன்னொருவருக்கு ஒரு பத்தி மட்டும் ஏதோ இங்கிலீஷ் எழுத்தாக வருகிறதாம். எல்லோருக்கும் போவது ஒரே மெயில்தானே? பிளெயின் டெக்ஸ்டாக அனுப்பினால் சரியாகிவிடுமா?"

சரியாகாது. மூன்று புகார்களில் ஒன்று அதனால் இன்னும் மோசமாகும், ஒன்று அப்படியே இருக்கும், மூன்றாவது உங்களுக்கும் தெரிய ஆரம்பிக்கும். மூன்றுக்கும் காரணம் தனித்தனி, அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு கல்வி நிறுவனத்தில் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பதினைந்து வருடத்தில் இந்த மூன்றும் மாறி மாறி என் மேஜைக்கு வந்திருக்கின்றன.

முதலில் அந்தத் தொகை வரிசை. நீங்கள் செய்திருப்பது இதுவாகத்தான் இருக்கும்: செலவின் பெயரை டைப் செய்து, ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி மேல் வரியின் தொகைக்கு நேராக வந்ததும் நிறுத்தி, தொகையைப் போட்டிருப்பீர்கள்.

```
தண்ணீர்        12,400
காவலாளி     18,000
லிஃப்ட்           5,750
மொத்தம்      36,150
```

இந்த வரிகள் உங்கள் திரையில் எப்படித் தெரிகின்றன என்று பாருங்கள், அப்புறம் இதே பதிலைப் போனில் திறந்து பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்காது. மெயிலுக்குள் "தொகை இந்த இடத்தில் தொடங்க வேண்டும்" என்ற தகவலே போகவில்லை. "தண்ணீர், அப்புறம் எட்டு இடைவெளி, அப்புறம் 12,400" என்பது மட்டும்தான் போகிறது. அந்த எட்டு இடைவெளி எவ்வளவு அகலம், தண்ணீர் என்ற சொல் எவ்வளவு அகலம் என்பதை முடிவு செய்வது படிப்பவரின் கருவியில் இருக்கும் எழுத்துரு. விண்டோஸில் தமிழுக்குப் பெரும்பாலும் நிர்மலா, பழைய கணினியில் லதா. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ். ஐபோனில் தமிழ் சங்கம் எம்என். ஒவ்வொன்றிலும் 'ண' ஒரு அகலம், 'ர' ஒரு அகலம். இடைவெளியின் அகலமோ பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் ஆங்கில எழுத்துருவிலிருந்து வருகிறது. நீங்கள் உங்கள் லேப்டாப்பின் எழுத்துருவை வைத்து எண்ணிப் போட்ட இடைவெளிகள் அந்த லேப்டாப்புக்கு மட்டுமே பொருந்தும்.

இங்கே ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்குத் தப்பிக்க ஒரு வழி உண்டு. எல்லா எழுத்தும் ஒரே அகலமாக இருக்கும் தட்டச்சு வகை எழுத்துருவில் பார்த்தால் இடைவெளியால் கட்டிய வரிசை நேராக நிற்கும். தண்டர்பேர்ட் போன்ற செயலிகள் பிளெயின் டெக்ஸ்ட் மெயிலை அப்படித்தான் காட்டுகின்றன. ஆங்கிலக் கையேடுகளில் "பிளெயின் டெக்ஸ்டாக அனுப்பு, வரிசை நேராகும்" என்று சொல்வது இதை நம்பித்தான். ஆனால் ஜிமெயிலை பிரவுசரில் திறந்தால் பிளெயின் டெக்ஸ்டையும் சாதாரண எழுத்துருவில்தான் காட்டும், அங்கே ஆங்கிலத்துக்கே அந்த வழி அடைபட்டுவிடும்.

தமிழுக்கு அது எங்குமே நடக்காது. தண்ணீர், காவலாளி இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நாம் எண்ணினால் இரண்டிலும் நான்கு எழுத்து. கணினி எண்ணினால் இரண்டிலும் ஏழு குறிகள்: தண்ணீரில் த, ண, புள்ளி, ண, ஈகாரக் குறி, ர, புள்ளி, காவலாளியில் க, கால், வ, ல, கால், ள, இகரக் குறி. எண்ணிக்கை எப்படிப் பார்த்தாலும் சமம். ஆனால் தண்ணீரில் வரும் புள்ளிகள் எழுத்தின் தலைமேல் உட்காருகின்றன, தனி அகலம் எடுப்பதில்லை. காவலாளியின் இரண்டு கால்களும் தங்களுக்கென்று இடம் பிடித்துக்கொள்கின்றன. ஒரே அகலம் என்பது தமிழ் எழுத்தின் அமைப்பிலேயே இல்லை. தட்டச்சு வகை எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றில் தமிழே கிடையாது. கருவி வேறொரு எழுத்துருவிலிருந்து தமிழைக் கடன் வாங்கி நடுவில் வைக்கிறது. அதனால் தமிழில் இடைவெளி போட்டு வரிசை கட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. அது எல்லோருடைய திரையிலும் நிற்க வழியே இல்லை.

இனி உங்கள் "ஒரே மெயில்தானே" என்ற கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலும் ஒரே உறைக்குள் இரண்டு கடிதங்கள் போகின்றன. நீங்கள் ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கி ஜிமெயிலில் அனுப்பினால், அது அதே செய்தியை ஒரு தடவை வெறும் எழுத்தாகவும், இன்னொரு தடவை எச்டிஎம்எல்லாகவும், அதாவது இணையப் பக்கம் எழுதும் குறிகளோடும், எழுதி இரண்டையும் சேர்த்து அனுப்புகிறது. உள்ளே பார்த்தால் ஏறத்தாழ இப்படி இருக்கும். படிக்க வசதியாகச் சுருக்கியிருக்கிறேன், உண்மையில் தமிழ்ப் பகுதி குறியேற்றம் செய்யப்பட்டு ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும்.

```
Content-Type: multipart/alternative; boundary="abc123"

--abc123
Content-Type: text/plain; charset="UTF-8"

*மொத்தம்*  36,150

--abc123
Content-Type: text/html; charset="UTF-8"

<b>மொத்தம்</b>  36,150

--abc123--
```

1992-ல் நதானியேல் போரன்ஸ்டீன், நெட் ஃப்ரீட் இருவரும் எழுதிய மைம் என்ற விதிமுறையிலிருந்து இது வருகிறது. எளிய வடிவம் முதலில், அலங்கார வடிவம் கடைசியில். பெறும் செயலி தனக்குக் காட்டத் தெரிந்தவற்றில் கடைசியாக இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ஆகவே ஒருவர் இரண்டாவது கடிதத்தைப் படிக்கிறார், பிளெயின் டெக்ஸ்ட் மட்டும் காட்டும்படி அமைத்தவர் முதல் கடிதத்தைப் படிக்கிறார். யாராவது "உங்கள் மெயிலில் நட்சத்திரக் குறியாக இருக்கிறது" என்று சொன்னால் அவர் பார்ப்பது முதல் கடிதம் என்று புரிந்துகொள்ளலாம். தடித்த எழுத்தை ஜிமெயில் அங்கே அப்படித்தான் எழுதிவைக்கிறது.

இரண்டாவது கடிதத்தைப் படிப்பவர்களுக்குள்ளும் வேறுபாடு வரும். எச்டிஎம்எல்லைத் திரையில் வரைந்து காட்டும் இயந்திரம் எல்லோரிடமும் ஒன்றல்ல. ஆப்பிள் மெயில், சஃபாரி பிரவுசரின் இயந்திரத்தையே பயன்படுத்துகிறது. விண்டோஸில் நிறுவும் பழைய வகை அவுட்லுக் 2007 பதிப்பிலிருந்து வேர்ட் மென்பொருளின் இயந்திரத்தைக் கொண்டு காட்டுகிறது. வேர்டுக்கு இணையப் பக்க அலங்காரத்தில் பல விஷயங்கள் தெரியாது, அதனால் ஓரங்களும் இடைவெளிகளும் மாறும். ஜிமெயில் தனக்கு ஆபத்தாகத் தோன்றும் குறிகளையும் ஆதரிக்காத அலங்காரங்களையும் உரித்துவிட்டுத்தான் காட்டும். உங்கள் கணக்கு மெயிலுக்கு இவை பெரிய விஷயம் இல்லை. கடைகள் அனுப்பும் விளம்பர மெயில் போனில் ஒரு மாதிரியும் அலுவலகக் கணினியில் ஒரு மாதிரியும் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

அலங்காரம் போய்விடக்கூடியது என்பதை மறந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை பார்த்தேன். ஒரு நிறுவனத்திலிருந்து நாற்பது பேர் கொண்ட ஒரு பெயர்ப்பட்டியல் துறைகளுக்கு மெயிலில் போனது. "சிவப்பில் உள்ளவர்கள் மட்டும் சனிக்கிழமை சான்றிதழ்களுடன் வரவும்" என்று மேலே ஒரு வரி. சிவப்பில் இருந்தவர்கள் ஏழோ எட்டோ பேர். அந்த மெயிலை வாங்கிய ஒரு துறையின் உதவியாளர், பட்டியலைப் பிளெயின் டெக்ஸ்டாக மாற்றி எல்லோருக்கும் ஃபார்வர்ட் செய்தார். நிறம் போய்விட்டது. சனிக்கிழமை காலை வெளியூரிலிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். ஒரு பெண் ஆறு மாதக் குழந்தையோடு வந்திருந்தார், அவர் பெயர் கருப்பில்தான் இருந்தது. அன்றிலிருந்து நிறத்தில் பொருளை வைத்து யாராவது மெயில் எழுதினால் நான் விடுவதில்லை. பெயருக்குப் பக்கத்தில் "வர வேண்டும்" என்று எழுத்தில் எழுதினால் அது எந்தக் கருவியிலும் அழியாது. அடித்துத் திருத்துவதும் அப்படித்தான். "கூட்டம் 10 மணிக்கு" என்பதில் பத்தைக் கோடிட்டு அடித்து 11 என்று எழுதினால், கோடு போன இடத்தில் "10 11 மணிக்கு" என்று நிற்கும்.

அடுத்தது வரி உடைவது. இங்கேதான் பிளெயின் டெக்ஸ்டுக்கு மாறினால் இன்னும் மோசமாகும் என்றேன். மெயிலின் அடிப்படை விதி ஒரு வரியில் 998 குறிகளுக்கு மேல் இருக்கவே கூடாது என்கிறது, 78-க்குள் இருப்பது நல்லது என்கிறது. பழைய திரைகளில் ஒரு வரிக்கு 80 எழுத்துதான் பிடிக்கும் என்பதிலிருந்து வந்த எண் அது. ஜிமெயிலில் பிளெயின் டெக்ஸ்ட் முறையில் எழுதினால், நீங்கள் என்டர் தட்டாவிட்டாலும், அந்த அளவை ஒட்டி அது தானே வரியை வெட்டி அனுப்புகிறது. போன் திரையில் ஒரு வரிக்கு அதில் பாதிதான் பிடிக்கும். ஆகவே போன் தன் ஓரத்தில் ஒரு தடவை மடக்குகிறது, ஜிமெயில் வெட்டிய இடத்தில் இன்னொரு தடவை வரி முடிகிறது. படிப்பவருக்கு ஒரு நீள வரி, அடுத்தது இரண்டு சொல் வரி, மறுபடி நீள வரி, மறுபடி இரண்டு சொல் என்று தெரியும். உங்கள் குடியிருப்பாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டில் இந்த நீளம் குட்டை நீளம் குட்டை வடிவம் இருந்தால் காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்லலாம். தொகை மட்டும் அடுத்த வரிக்குப் போய் நிற்கிறது என்றால் காரணம் வேறு: நீங்கள் போட்ட இடைவெளிகள் போன் அகலத்துக்கு அதிகம், அவ்வளவுதான். இரண்டில் எது என்பது படத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

இதற்கு ஒரு தீர்வை 1999-லேயே விதிமுறையாக எழுதினார்கள். வரியின் கடைசியில் ஒரு இடைவெளி விட்டு வெட்டினால், "இது என் வசதிக்காக வெட்டியது, நீ சேர்த்துக்கொள்" என்று பொருள். மேலே காட்டிய Content-Type வரியில் `format=flowed` என்று இருக்கும். தண்டர்பேர்டுக்கு இது தெரியும். ஜிமெயில் அப்படி அனுப்புவதில்லை என்பதால் உங்களுக்குப் பயன் இல்லை. இதற்கு நேர்மாறான தொந்தரவும் உண்டு. பழைய அவுட்லுக், பிளெயின் டெக்ஸ்ட் மெயிலில் தேவையில்லாத வரிமுறிவு என்று தான் நினைப்பதைத் தானே நீக்கிவிடும். நீங்கள் வரி வரியாக எழுதிய செலவுகள் ஒரே பத்தியாக ஒட்டிக்கொண்டு தெரியும். மெயிலின் மேலே "We removed extra line breaks from this message" என்று ஒரு சிறு பட்டை இருக்கும், அதைத் தட்டினால் பழையபடி வரும். பலர் அந்தப் பட்டையைக் கவனிப்பதே இல்லை.

மூன்றாவது, அந்த இங்கிலீஷ் எழுத்து. ஒரு பத்தி மட்டும் என்று நீங்கள் சொன்னதால் எனக்கு ஒரு பலமான சந்தேகம். அந்தப் பத்தியைப் பழைய வேர்ட் கோப்பிலிருந்து ஒட்டினீர்களா? சங்கத்தின் பழைய சுற்றறிக்கைகள் பாமினி போன்ற எழுத்துருவில் டைப் செய்தவையாக இருக்கலாம். பாமினியில் "தமிழ்" என்று தெரிவது கோப்புக்குள் உண்மையில் `jkpo;` என்ற ஆங்கில எழுத்துகள்தான். j என்ற எழுத்துக்குத் 'த' வடிவத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள், கடைசியில் இருக்கும் அரைப்புள்ளி மெய்யெழுத்தின் புள்ளியாகத் தெரிகிறது. நீங்கள் ஒட்டியபோது மெயிலுக்குள் போனது `jkpo;` என்பதும், "இதைப் பாமினியில் காட்டு" என்ற குறிப்பும். உங்கள் லேப்டாப்பில் பாமினி இருப்பதால் தமிழாகத் தெரிகிறது. மற்றவர் போனில் பாமினி இல்லை, மெயில் எழுத்துருவைத் தூக்கிக்கொண்டு போவதும் இல்லை. குறிப்பை நிறைவேற்ற முடியாமல் போன் உள்ளே இருப்பதை அப்படியே காட்டுகிறது. பிளெயின் டெக்ஸ்டாக அனுப்பினால் அந்தக் குறிப்பும் விழுந்துவிடும், அப்போது உங்களுக்கே அந்தப் பத்தி இங்கிலீஷ் எழுத்தாகத் தெரியும். ஒரு வகையில் அது நல்ல சோதனை. இன்னும் எளிய சோதனை, அதே சொல்லை எடுத்து மெயிலின் தலைப்பு வரியில் ஒட்டிப் பார்ப்பது. தலைப்பு வரியில் எந்த அலங்காரமும் நிற்காது. அங்கே தமிழாகத் தெரிந்தால் அது எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோடு, கவலை இல்லை. `mk;kh` என்பதுபோல வந்தால் பாமினி. அதை யூனிகோடாக்கித் தரும் எழுத்துரு மாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கோப்பு எந்த எழுத்துருவில் இருக்கிறது என்பதை வேர்டில் பார்த்து அதையே மாற்றியில் தேர்ந்தெடுங்கள். வானவில் என்ற இன்னொரு பழைய எழுத்துருவில் இருப்பதைப் பாமினி என்று சொல்லி மாற்றினால் வேறு குளறுபடிதான் வரும்.

ஆனால் இங்கிலீஷ் எழுத்து என்று அவர் சொல்வது இன்னொன்றாகவும் இருக்கலாம். `à®¤à®®à®¿` என்பதுபோல à® என்ற ஜோடி திரும்பத் திரும்ப வந்தால் அது பாமினி இல்லை. உங்கள் யூனிகோடு தமிழ் ஒழுங்காகப் போயிருக்கிறது; யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள், அவற்றைப் பெறும் பக்கமோ வழியில் ஏதாவது ஒன்றோ ஐரோப்பிய எழுத்துகளாக ஒவ்வொன்றாகப் படித்துவிட்டது. அதை நீங்கள் இங்கிருந்து சரிசெய்ய முடியாது. அவர் அந்த மெயிலை வேறொரு செயலியில் திறந்து பார்த்தாலே பெரும்பாலும் படிக்க வந்துவிடும். பொதுவாக இது மெயில் முழுக்க வரும். ஒரு பத்தி மட்டும் என்பதால்தான் நான் பாமினி பக்கம் சாய்கிறேன். படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி அடுத்த மாதம் என்ன செய்யலாம் என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் கணக்கை கூகுள் ஷீட்டில் இரண்டே நெடுவரிசையாகப் போடுவேன், இடது பக்கம் செலவு, வலது பக்கம் தொகை. அந்தக் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து ஜிமெயிலில் ஒட்டினால் உண்மையான அட்டவணையாகவே போகும். "இந்தத் தொகை இந்தக் கட்டத்துக்குரியது" என்ற தகவல் மெயிலுக்குள் இருப்பதால் எந்த எழுத்துருவிலும் வரிசை நேராக நிற்கும். நெடுவரிசைகளை நான்கு ஐந்து என்று கூட்டாதீர்கள், போன் திரையில் எழுத்து சுருங்கும் அல்லது பக்கவாட்டில் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும். பிளெயின் டெக்ஸ்டில் பார்ப்பவருக்குக் கட்டம் தெரியாது. அவருக்காக அட்டவணைக்கு மேலே "இந்த மாத மொத்தச் செலவு 36,150 ரூபாய், கையிருப்பு இவ்வளவு" என்று ஒரு வரி சாதாரண வாக்கியமாக எழுதிவிடுங்கள். அட்டவணை வேண்டாம், டைப் செய்வதே வசதி என்றால் வரிசை கட்டாமல் "தண்ணீர்: 12,400" என்று ஒரு வரிக்கு ஒன்றாக, பெயரை ஒட்டியே தொகையைப் போடுங்கள். அழகு கொஞ்சம் குறையும், யார் திரையிலும் உடையாது.

தணிக்கைக்கோ ஆண்டுப் பொதுக்குழுவுக்கோ போகிற கணக்கு என்றால் பிடிஎஃப் ஆக்கி இணையுங்கள். பிடிஎஃப் தனக்கு வேண்டிய எழுத்துருவைத் தன்னுள்ளேயே வைத்துக்கொண்டு போகும், அதனால் பாமினியில் டைப் செய்ததுகூட அதில் தமிழாகவே தெரியும். போனில் அதைப் பெரிதாக்கித் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும் என்பதால் மாதக் கணக்குக்கு அதை மட்டுமே நம்ப மாட்டேன்.

அனுப்பும் முன் உங்களுக்கே ஒரு பிரதி அனுப்பி லேப்டாப்பிலும் போனிலும் திறந்து பாருங்கள். லேப்டாப்பில் ஜிமெயிலின் மூன்று புள்ளி மெனுவில் "Show original" என்று இருக்கும், போன் செயலியில் அது இல்லை. அதில் `text/plain` என்ற பகுதி மட்டும் இருக்கிறதா, `text/html` பகுதியும் இருக்கிறதா என்று தேடுங்கள். முதலாவது மட்டும் இருந்தால் உங்கள் ஜிமெயிலில் "Plain text mode" எப்போதோ டிக் ஆகி அப்படியே நின்றிருக்கிறது. எழுதும் பெட்டியின் கீழே இருக்கும் மூன்று புள்ளியில் அதை எடுத்துவிட்டு, அப்புறம் அட்டவணையை ஒட்டுங்கள். அதற்கு முன் ஒட்டினால் கட்டங்கள் இல்லாமல் வெறும் எழுத்தாகத்தான் விழும்.